இரண்டு பவுண்டரி, ஒரு ஆர்டர்: முடிவு மரம் போட்டு சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

திருவொற்றியூரில் ஒரு மெஷினிங் ஷாப். மணலியில் இருக்கும் ஒரு ரசாயன ஆலைக்கு 500 பம்ப் கொடுக்க வேண்டும். ஆர்டர் மதிப்பு 40 லட்சம். பம்ப் கேசிங்கை வார்த்துக்கொடுக்க இரண்டு பவுண்டரிகள் விலை சொல்லியிருக்கின்றன. கோவை பவுண்டரி ஒரு பீஸ் 2,000 ரூபாய், அம்பத்தூர் பவுண்டரி 2,090 ரூபாய். இரண்டும் லாரி வாடகை சேர்த்த விலை. ஜிஎஸ்டியை இரண்டிலும் விட்டுவிடலாம், அது உள்ளீட்டு வரியாகத் திரும்பி வந்துவிடும்.

500 பீஸுக்குக் கோவை 10,00,000, அம்பத்தூர் 10,45,000. வித்தியாசம் 45,000 ரூபாய். ஆனால் கோவைச் சரக்கு சில தடவை லேட்டாக வந்திருக்கிறது, சில லாட்டில் ஓட்டை இருந்திருக்கிறது. அந்த லேட்டுக்கும் ஓட்டைக்கும் 45,000 ரூபாய் தகுமா என்பதுதான் கேள்வி. பேரம் பேசும் மேஜையில் இதற்கு "பார்த்துக்கலாம்" என்று பதில் வரும். முடிவு மரம் அந்தப் பதிலை ரூபாயில் சொல்ல வைக்கும். இங்கே வரும் விலைகள் கணக்கைக் காட்ட வைத்தவை. உங்கள் ஷாப் எண்களை அதே இடங்களில் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கெடுதலுக்கு விலை போடுங்கள்

பெரும்பாலோர் சதவீதத்தில் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால், கெட்டது நடந்தால் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு என்று எழுத வேண்டும். இங்கே இரண்டே கெடுதல்: லேட், ரிஜெக்ட்.

லேட்டின் விலை ஆலையோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. தாமதத்துக்குப் பிடிக்கும் இழப்பீடான எல்.டி. வாரத்துக்கு ஒரு சதவீதம், அதிகபட்சம் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சத்துக்கு வாரம் 40,000 ரூபாய். இரண்டு வாரம் தள்ளினால் 80,000, ஏழு வாரம் தள்ளினால் 2,80,000.

ரிஜெக்டின் விலையில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஓட்டை விழுந்த பீஸுக்குப் பவுண்டரி கிரெடிட் நோட் கொடுத்துவிடும், ஆகவே நஷ்டம் இல்லை என்று நினைக்கிறார்கள். வார்ப்பிலே ஓட்டை வெளியே தெரிவதில்லை. முகத்தை லேத்தில் பிடித்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீவிய பிறகுதான் உள்ளே இருக்கும் ப்ளோஹோல் கண் திறக்கும். அதற்குள் ஆள் கூலி, மெஷின் நேரம் எல்லாம் அந்தப் பீஸில் போய்விட்டது. ஓரங்கள் சீக்கிரம் ஆறி வெள்ளையாக இறுகிப்போன வார்ப்பு என்றால் இன்னும் மோசம்: டூல் இன்செர்ட்டின் முனை பொரிந்துவிடும். மெஷினிங்குக்கு 900, இன்செர்ட், திருப்பி அனுப்பும் லாரி, மாற்றுப் பீஸ் வரும் செலவு எல்லாம் 600, ஆக ஒரு ரிஜெக்டுக்கு 1,500 ரூபாய். இதில் வார்ப்பின் விலை சேரவே இல்லை.

நல்ல லாட்டிலும் இரண்டு சதவீதம் போகும்: 10 பீஸ், 15,000 ரூபாய். மோசமான லாட்டில் பன்னிரண்டு சதவீதம்: 60 பீஸ், 90,000 ரூபாய். மாற்றுப் பீஸ் வந்து சேர ஒரு வாரம் ஆகும், அதற்கு எல்.டி. 40,000. ஆக மோசமான லாட்டின் விலை 1,30,000.

சதவீதத்தை ரெஜிஸ்டரிலிருந்து எடுங்கள்

சரக்கு உள்ளே வரும்போது எழுதும் இன்வர்ட் ரெஜிஸ்டர் போதும். பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கும் தேதியையும் வந்து சேர்ந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கோவை பவுண்டரியிடம் இதுவரை 17 ஆர்டர்: 13 நேரத்துக்கு வந்தன, 3 இரண்டு வாரம் போல் லேட், 1 ஒன்றரை மாதத்துக்கு மேல் இழுத்தது. அம்பத்தூரிடம் 8 ஆர்டர்: ஒன்றுகூட லேட் இல்லை, ஒரு லாட்கூட மோசம் இல்லை.

எட்டில் பூஜ்யம் என்பதால் அம்பத்தூர் லேட்டாகும் வாய்ப்பு பூஜ்யம் என்று எழுதினால் மரமே பொய்யாகிவிடும். எட்டு தடவை நடக்காதது ஒன்பதாவது தடவை நடக்கலாம். இதற்குக் கணித அறிஞர் லாப்லாஸ் காலத்திலிருந்து வரும் எளிய வழி இருக்கிறது: ஒவ்வொரு வகைக்கும் ஒன்று கூட்டிக்கொண்டு, பிறகு வகுப்பது. அம்பத்தூருக்கு நேரத்தில் 8+1, லேட் 0+1, மொத்தம் 10. லேட் வாய்ப்பு பத்து சதவீதம். மோசமான லாட்டுக்கும் அதே கணக்கு, பத்து சதவீதம்.

கோவைக்கு மூன்று வகை, ஆகவே 14, 4, 2, மொத்தம் 20. நேரத்தில் எழுபது, சின்ன லேட் இருபது, பெரிய லேட் பத்து சதவீதம். 17 லாட்டில் 3 மோசம் என்றால் 4/19, ஏறக்குறைய இருபது சதவீதம்.

இந்த எண்களைச் சப்ளையரிடம் கேட்டு எழுதக்கூடாது. உங்கள் பர்ச்சேஸ் ஆள் சொல்வதையும் அப்படியே எடுக்கக்கூடாது. கடைசியாகப் பட்ட அடிதான் அவர் நினைவில் பெரிதாக இருக்கும்.

மரத்தை வரையுங்கள்

நாம் தேர்ந்தெடுக்கும் இடம் சதுரம். நம் கையில் இல்லாத இடம் வட்டம். இடமிருந்து வலமாக, நடக்கும் வரிசையிலேயே போக வேண்டும். முதல் சதுரத்திலிருந்து கோவை, அம்பத்தூர் என இரண்டு கிளை. ஒவ்வொரு கிளையிலும் லேட்டுக்கு ஒரு வட்டம், லாட்டின் தரத்துக்கு ஒரு வட்டம்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கோவை பெரிதாக லேட்டாகிறது என்று தெரிந்ததும் யாரும் ஏழு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். நான்காவது வாரமே அம்பத்தூருக்கு போன் போகும். அந்த போன்தான் இரண்டாவது சதுரம். லேட் என்னும் வட்டத்துக்கு வலப்பக்கம் அதை வரைய வேண்டும்.

அந்தச் சதுரத்தில் இரண்டு வழி. காத்திருந்தால் முழு எல்.டி. கோவை ஆர்டரை ரத்து செய்து அம்பத்தூரில் அவசரமாக வார்த்தால், பீஸ் 2,200 ரூபாய் ஆகும்: கோவை விலையைவிட 200 அதிகம், 500 பீஸுக்கு 1,00,000. அவர்கள் நான்கு வாரத்தில் கொடுப்பார்கள். ஆறாவது வாரம் வர வேண்டிய சரக்கு எட்டாவது வாரம் வரும், எல்.டி. 80,000. ஆக அவசர வழியின் விலை 1,80,000.

```
[கோவை 10,00,000]
   (லேட்?)
     0.7 நேரத்தில்    -> 0
     0.2 சின்ன லேட்  -> [காத்திரு 80,000 | அவசரம் 1,80,000]
     0.1 பெரிய லேட்  -> [காத்திரு 2,80,000 | அவசரம் 1,80,000]
   (லாட்?)
     0.8 நல்லது      -> 15,000
     0.2 மோசம்      -> 1,30,000

[அம்பத்தூர் 10,45,000]
   (லேட்?)
     0.9 நேரத்தில்    -> 0
     0.1 லேட்        -> 80,000
   (லாட்?)
     0.9 நல்லது      -> 15,000
     0.1 மோசம்      -> 1,30,000
```

தரத்தின் வட்டத்தை ஒவ்வொரு லேட் கிளைக்கும் தனித்தனியாக வரைவதுதான் முறை. இங்கே செலவுகள் ஒன்றோடொன்று கூடுவதால் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிவிடலாம். அவசர வழியில் சரக்கு அம்பத்தூரிலிருந்து வருவதால் தரம் கொஞ்சம் நன்றாக இருக்கும், ஆனால் அது மொத்தத்தில் 1,150 ரூபாயைத்தான் மாற்றுகிறது, எளிமைக்காக விட்டுவிட்டோம்.

வலமிருந்து இடமாகச் சுருட்டுங்கள்

வட்டத்தில் பெருக்கிக் கூட்ட வேண்டும். சதுரத்தில் பெருக்கவே கூடாது. குறைந்த செலவை எடுத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் விதி. இப்படி வருவதைத்தான் எதிர்பார்ப்புப் பண மதிப்பு, இ.எம்.வி. என்கிறோம்.

சின்ன லேட்டில் காத்திருப்பது மலிவு, பெரிய லேட்டில் அவசர வழி மலிவு. எக்செலில் கோவையின் லேட் செலவு:

```
=0.7*0 + 0.2*MIN(80000,180000) + 0.1*MIN(280000,180000)
```

விடை 34,000. தரத்துக்கு 0.8 × 15,000 + 0.2 × 1,30,000 = 38,000. கோவையின் மொத்தம் 10,72,000.

அம்பத்தூரில் லேட்டுக்கு 8,000; தரத்துக்கு 13,500 + 13,000 = 26,500. மொத்தம் 10,79,500. கோவை 7,500 ரூபாய் மலிவு.

இப்போது இரண்டாவது சதுரத்தை அழித்துவிட்டுப் பாருங்கள். பெரிய லேட்டிலும் காத்திருந்தால் கோவையின் லேட் செலவு 16,000 + 28,000 = 44,000, மொத்தம் 10,82,000. அம்பத்தூர் 2,500 ரூபாய் மலிவாகிவிட்டது! விலையும் சதவீதமும் மாறவில்லை; நடுவில் மனதை மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மாறியது. அந்த உரிமையின் விலை இங்கே 10,000 ரூபாய்.

அந்த உரிமை உங்களிடம் உண்மையில் இருக்கிறதா?

மரத்தில் ஒரு சதுரம் வரைந்துவிட்டால் உரிமை வந்துவிடாது. மூன்று இடத்தில் இது உடையும்.

முதலாவது பேட்டர்ன். கேசிங்குக்கான மரப் பேட்டர்னும் கோர் பாக்ஸும் கோவையில் இருந்தால், அம்பத்தூர்க்காரர் எதை வைத்து மோல்ட் போடுவார்? புதிதாகச் செய்ய வாரக்கணக்கில் ஆகும், செலவும் தனி. அவசர வழி வேண்டுமானால் இரண்டாவது பேட்டர்ன் ஒன்று உங்கள் ஷாப்பிலோ அம்பத்தூரிலோ இருக்க வேண்டும். வருடத்துக்குப் பல ஆர்டர் போகும் பொருளுக்கு அந்தச் செலவு தகும், ஒரே ஒரு ஆர்டருக்குத் தகாது.

இரண்டாவது ரத்து ஷரத்து. "நான்காவது வார முடிவில் உலோகம் ஊற்றப்படாவிட்டால் வாங்குபவர் ஆர்டரை இழப்பீடின்றி ரத்து செய்யலாம், முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் இரண்டு பவுண்டரியின் சரக்கும் வந்து நிற்கும். பத்து லட்ச ரூபாய் வார்ப்பு மூலையில் துருப்பிடிக்கும்.

மூன்றாவது, எந்தக் கிளையில் நிற்கிறோம் என்று நான்காவது வாரமே தெரிய வேண்டும். "எப்ப அனுப்புறீங்க?" என்று கேட்டால் "அடுத்த வாரம் ஏத்திடறோம் சார்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் தகவலே இல்லை. கேட்க வேண்டியது வேறு: மோல்ட் எத்தனை போட்டாச்சு, எத்தனை ஊத்தியாச்சு, ஃபெட்லிங் எதுவரை வந்திருக்கு? ஊற்றி முடித்து ஃபெட்லிங்கில் இருந்தால் மீதி வேலை நாட்கணக்கு, அது சின்ன லேட். மோல்டே போடவில்லை என்றால் உங்கள் வேலை இன்னும் வரிசைக்கே வரவில்லை, அது பெரிய லேட். ஊற்றிய பீஸின் ஹீட் நம்பர் தெரிய ஒரு போட்டோ அனுப்பச் சொன்னால் பேச்சுக்கு இடமிருக்காது.

இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இரண்டாவது சதுரத்தை அழித்துவிடுங்கள். கணக்கு அழகாக வர வேண்டும் என்பதற்காக அதை வைத்திருக்கக்கூடாது.

எண்ணை அசைத்துப் பாருங்கள்

7,500 ரூபாய் வித்தியாசத்தை நம்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன், எந்தச் சதவீதம் எவ்வளவு நகர்ந்தால் முடிவு புரளும் என்று பார்க்க வேண்டும். பெரிய லேட்டின் வாய்ப்பை p என்று வைத்து, அது கூடும் அளவுக்கு நேரத்தில் வரும் வாய்ப்பைக் குறைத்தால், கோவையின் மொத்தம் 10,54,000 + 1,80,000 × p. இது 10,79,500க்குச் சமமாகும் இடம் p = 14 சதவீதம். நாம் வைத்தது 10.

ரெஜிஸ்டரில் ஒரே ஒரு வரி மாறியிருந்தால் என்ன ஆகும்? நேரத்தில் வந்த 13இல் ஒன்று பெரிய லேட் ஆகியிருந்தால் எண்ணிக்கை 13, 4, 3; p பதினைந்து சதவீதம். அம்பத்தூர் ஜெயித்துவிடும். பதினேழு ஆர்டரில் ஒரு ஆர்டர் முடிவைப் புரட்டுகிறது என்றால், இந்த மரம் கோவைதான் மேல் என்று சொல்லவில்லை. இரண்டும் சமம் என்று சொல்கிறது. அதுவும் உபயோகமான விடைதான். கமா போட்டு ஏழு இலக்கத்தில் விடை வந்துவிட்டதால் அது துல்லியம் என்று நினைப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஓடும் ஆர்டருக்கு வருடம் முழுக்க எடுத்த சதவீதம் பொருந்தாது. பக்கத்தில் இருப்பதால் அம்பத்தூர் பாதுகாப்பு என்ற எண்ணமும் அந்த மாதங்களில் நிற்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் கோவையில் உலை எரிந்துகொண்டிருக்கும், அம்பத்தூரில் மோல்டிங் மணலே நனைந்திருக்கும். மழைக்கால ஆர்டருக்கு அம்பத்தூரின் லேட் வாய்ப்பை முப்பது சதவீதம் என்று மாற்றினால் அதன் மொத்தம் 10,95,500 ஆகும். கூடவே அவசர வழியும் சந்தேகத்துக்குள்ளாகும், ஏனென்றால் அந்த வழியும் அம்பத்தூரைத்தான் நம்பியிருக்கிறது.

சராசரி தாங்கும், ஷாப் தாங்குமா?

10,72,000 என்பது எந்த ஆர்டரிலும் நேரில் வராத எண். இதே போன்ற ஆர்டர்களை வரிசையாக எடுத்துக்கொண்டே போனால் சராசரி அங்கே நிற்கும். ஒரே ஆர்டர் என்றால் மோசமான முனையையும் பார்க்க வேண்டும். கோவைக் கிளையில் மோசமான முனை 13,10,000, வாய்ப்பு இரண்டு சதவீதம். அம்பத்தூரில் 12,55,000, வாய்ப்பு ஒரு சதவீதம். வித்தியாசம் பெரிதில்லை, ஆகவே இங்கே சராசரியை நம்பலாம். ரத்து ஷரத்து இல்லாவிட்டால் கோவையின் முனை 14,10,000 ஆகும். அந்த மாதம் சம்பளமும் வங்கித் தவணையும் கொடுத்த பிறகு அந்தத் தொகை கையில் இருக்காது என்றால், இ.எம்.வி. என்ன சொன்னாலும் அந்தக் கிளையில் ஏறக்கூடாது.

லேட்டாகும் லாட் அவசரத்தில் வார்க்கப்படுவதால் மோசமாகவும் இருக்கும் என்பது பல ஷாப்பில் தெரிந்த விஷயம். மொத்தத்தில் மோசமான லாட் இருபது சதவீதமாகவே இருந்தால், இந்தத் தொடர்பு இ.எம்.வி.யை மாற்றாது. ஆனால் இரண்டு அடியும் சேர்ந்து விழும் வாய்ப்பை மாற்றும். சின்ன லேட்டும் மோசமான லாட்டும் சேரும் வாய்ப்பு மரத்தில் நான்கு சதவீதம். லேட்டான லாட்டில் பாதி மோசம் என்றால் அது பத்து சதவீதம். கைப்பணம் குறைவான ஷாப் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

தகவலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்

கோவையின் லேட்டும் தரமும் எப்படி இருக்கும் என்று ஆர்டர் போடும் முன்பே ஒருவர் துல்லியமாகச் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தில் வரும், நல்ல லாட் என்று அவர் சொன்னால் மட்டும் கோவை, செலவு 10,15,000, வாய்ப்பு 0.7 × 0.8 = 0.56. மற்ற எல்லா நிலைமையிலும் அம்பத்தூரே மலிவு, 10,79,500. சராசரி 10,43,380. நம் 10,72,000லிருந்து கழித்தால் 28,620.

எந்த விசாரணைக்கும் இதுதான் உச்சவரம்பு. வெளி ஆளை வைத்து 30,000 ரூபாயில் பவுண்டரி ஆடிட் செய்வது இந்த ஆர்டருக்குத் தகாது. சென்ட்ரலில் இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிப் போய், வரிசையில் எத்தனை ஆர்டர் நிற்கிறது, மோல்டிங் மணலின் ஈரத்தைச் சோதிக்கிறார்களா, உங்கள் பேட்டர்ன் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு வருவது சில ஆயிரத்தில் முடியும். அது தகும்.

கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

கோவை பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டு, அம்பத்தூர் சரக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னால், அந்த வட்டியும் கோவைக் கிளையின் செலவுதான். ஐந்து லட்சம், ஆறு வாரம், மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 7,500 ரூபாய். கோவையின் லாபம் முழுக்க அங்கேயே கரைந்துவிட்டது.

500 பீஸில் 7,500 ரூபாய் என்பது பீஸுக்குப் பதினைந்து ரூபாய். ஆகவே பேரத்தில் கேட்க வேண்டியது என்ன என்று இப்போது தெரியும். கோவையிடம் விலையைக் குறைக்கச் சொல்வதைவிட, முன்பணத்தைக் குறைத்து ரத்து ஷரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுத மறுத்தால் அம்பத்தூருக்குப் போன் போட்டு 2,075க்கு வருவாரா என்று கேளுங்கள். வந்தால் அங்கே போட்டுவிடலாம், வராவிட்டாலும் முன்பணம் கொடுக்காமல் 2,090க்கு வாங்குவதில் நஷ்டம் இல்லை.